நூல் கடைப் பாக்கிக்குத் தவணை கேக்கப் போறவங்களுக்கு

எங்க வேலம்பாளையத்துல பாக்கி வெச்சவங்க ரெண்டு விதமா நடந்துக்கறாங்க. ஒரு சாரார் போனை எடுக்கறதே இல்ல. இன்னொரு சாரார் எடுத்து, "அடுத்த வாரம் தந்துடறேனுங்க"ன்னு சொல்லி வெச்சுடறாங்க. அந்த அடுத்த வாரம் வர்றதே இல்ல. கடைக்காரருக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டாவது ஆள் மேலதான் கோவம் அதிகமா வரும், ஏன்னா அவர் பேச்ச நம்பி கடைக்காரர் வேற ஒருத்தருக்கு வாக்கு கொடுத்திருப்பார்.

தவணை கேக்கறதுல மானக்கேடு ஒண்ணும் இல்லீங்க. உரக்கடைல அறுவடைக்குத் தர்றேன்னு சொல்லி மூட்டை எடுத்துட்டு வராத விவசாயி எங்க பக்கம் யார் இருக்கா? ஆனா தவணைன்னா தேதியும் தொகையும் சேந்ததுதான் தவணை. அந்தத் தேதி எங்கிருந்து வரணும்ங்கறதுல பல பேருக்குக் குழப்பம் இருக்கு. அதத்தான் இன்னைக்கு எழுதறேன். என் அக்கா பையன் ஒருத்தன் இங்கயே சின்னதா பனியன் கம்பெனி நடத்தறான், பதினாலு பேர் வேலை செய்யறாங்க. போன செப்டம்பர்ல அவனும் நானும் உக்காந்து போட்ட கணக்கு இது. அவன் சம்மதத்தோடதான் எழுதறேன். பேர் வேண்டாம்னான், அதனால மாப்ளன்னே வெச்சுக்குவோம்.

அமெரிக்காக்காரன் ஆகஸ்ட் 7ஆம் தேதி நம்ம சரக்குக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டான். 27ஆம் தேதி அத 50 ஆக்கினான். அன்னைக்கு விநாயகர் சதுர்த்தி. மறுநாள் மாப்ளைக்கு எக்ஸ்போர்ட் கம்பெனில இருந்து போன். "பையர் சரக்க நிறுத்தி வெச்சிருக்கான், தையல் பில்லு இப்போதைக்கு வராது"ன்னுட்டாங்க. அந்தக் கம்பெனிக்குத் தெச்சுக் கொடுத்த கூலி 2,60,000 ரூபாய் அங்க நிக்குது. ஆனா தெச்சவங்களுக்கு இவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் கொடுத்தாச்சு. எந்தக் காசுல கொடுத்தான்? நூல் கடைக்குக் கட்ட வேண்டிய காசுல.

அவனுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கூலிக்குத் தெக்கறது. இன்னொண்ணு சொந்தமா நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சாயம் ஏத்தி, தெச்சு காதர்பேட்டைல விக்கறது. ஆகஸ்ட் மாசம் தீபாவளிக்காக கொஞ்சம் கூடுதலாவே நூல் எடுத்திருந்தான். ஆகஸ்ட் 4ல 480 கிலோ, 12ல 600 கிலோ, 20ல 420 கிலோ. நூல் நம்பருக்குத் தகுந்த மாதிரி விலை மாறும்னாலும் கணக்கு சுளுவா இருக்க கிலோ 260ன்னு வெச்சுக்கங்க. 5 சதவீதம் ஜிஎஸ்டி சேத்தா மூணு பில்லும் முறையே 1,31,040, 1,63,800, 1,14,660. மொத்தம் 4,09,500 ரூபாய். முப்பது நாள் கடன். அதாவது முதல் பில்லுக்குக் கெடு செப்டம்பர் 3.

அவன் என்கிட்ட வந்தப்போ ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. "மாமா, எக்ஸ்போர்ட் பணம் அக்டோபர்ல வந்துரும்ங்கறாங்க, நூல் கடைல அக்டோபர் கடைசின்னு சொல்லிட்டுமா?"ன்னான். நான் வேண்டாம்னேன். வராத பணத்துக்கு நீ எப்படித் தேதி சொல்லுவே? அந்தத் தேதி உன் கையிலயும் இல்ல, அந்தக் கம்பெனிக்காரர் கையிலயும் இல்ல. கடல் தாண்டி யாரோ ஒருத்தன் கையில இருக்கு.

மஞ்சள் போட்டவங்களுக்கு இது தெரியும். மஞ்சள் வித்துத் தர்றேன்னு சொன்ன கடன் விலை ஏறட்டும், ஈரம் காயட்டும்னு தள்ளிக்கிட்டே போகும். அதே ஆள் பால் பணத்துல கட்டறேன்னு சொன்ன கடன் சத்தமில்லாம தீந்து போயிருக்கும். ரெண்டு மாட்டுப் பால்ல என்ன பெரிய பணம் வந்துடும்? பெருசு இல்ல, ஆனா வர்ற நாள் தெரியும். அதனால மாப்ளைகிட்ட, "உன்கிட்ட பால் பணம் மாதிரி எது வருது, அத மட்டும் சொல்லு"ன்னு கேட்டேன்.

காதர்பேட்டை வரவுதான் அது. நோட்டப் புரட்டினோம். கடைசி எட்டு வாரத்துக்கு, வந்த பணத்துல சனிக்கிழமை சம்பளம், சாயக்கூலி, நிட்டிங் கூலி, வாடகை, கரண்டு, வீட்டுச் செலவு, இனி ரொக்கத்துக்கு வாங்க வேண்டிய நூல் காசு எல்லாம் கழிச்சுப் பாத்தோம். எக்ஸ்போர்ட் வரவையும் அதுக்குப் போன தையல் சம்பளத்தையும் ரெண்டு பக்கமும் சேக்கல. மிச்சம் வாரவாரம் இப்படி வந்தது: 24,000, 31,000, 17,000, 22,000, 15,500, 36,000, 19,000, 27,000. சராசரி பாத்தா 24,000 பக்கம். மாப்ள உடனே, "அப்ப வாரம் 24,000 சொல்லிடலாம்"னான்.

இங்கதான் எல்லாரும் தடுக்கி விழறாங்க. சராசரின்னா என்ன அர்த்தம்? பல வாரம் அதுக்குக் கீழயும் வரும்னு அர்த்தம். எட்டு வாரத்துல அஞ்சு வாரம் 24,000த்தையோ அதுக்குக் கம்மியாவோதான் தொட்டிருக்கு. முதல் மாசத்துலயே ரெண்டு தடவ தவறினா அப்பறம் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு இருக்கும்? அதனால எட்டு வாரத்துல மோசமான வாரத்த எடுத்தோம், 15,500. அதுல 500 தள்ளி வாரம் 15,000ன்னு முடிவு பண்ணினோம். நல்ல வாரத்துல மிச்சமாகறது தொழிலுக்கு இருக்கட்டும். மோசமான வாரத்துல மிச்சமே இல்லைன்னா? அப்படி இருந்திருந்தா நான் அவனத் தவணை கேக்க அனுப்பியிருக்க மாட்டேன். அவனுக்குத் தேவை தவணை இல்ல, ஒரு மிஷினோ சரக்கோ வித்து வர்ற காசு.

சாயப்பட்டறைக்குக் கொடுக்கறத நிறுத்தி நூல் கடைக்குக் கட்டலாமான்னு ஒரு யோசனை சொன்னான். அது ஆகாதுங்க. நூல் கடைக்காரர் கொடுத்த நூல் ஏற்கனவே துணியாப் போயாச்சு, அவர்கிட்டப் பிடிச்சு வெக்க ஒண்ணும் இல்ல. சாயப்பட்டறைக்காரர்கிட்ட துணியே இருக்கு. கூலி வரலைன்னா துணிய விடமாட்டார். துணி வரலைன்னா காதர்பேட்டை வரவும் நிக்கும், தவணையும் நிக்கும்.

இப்ப 4,09,500ஐ 15,000ஆல வகுத்தா 27 வாரத்துக்கு மேல. கடைக்காரர் ஆறு மாசத்துக்கு மேல பொறுக்கணும். அதுலயும் ஒரு முட்டுக்கட்டை இருக்கு. ஜிஎஸ்டி சட்டப்படி பில் தேதில இருந்து 180 நாளைக்குள்ள விக்கறவருக்குப் பணம் கொடுக்கலைன்னா, அந்தப் பில்லுல நாம எடுத்த இன்புட் வரியத் திருப்பிக் கட்டணும், வட்டியோட. பாக்கி கொடுத்ததுக்கு அப்பறம் மறுபடி எடுத்துக்கலாம், ஆனா காசு முடையா இருக்கற நேரத்துல அது தேவையா? ஆகஸ்ட் 4 பில்லுக்கு 180 நாள் ஜனவரி 31. ஆகஸ்ட் 12க்கு பிப்ரவரி 8. ஆகஸ்ட் 20க்கு பிப்ரவரி 16. மாப்ளையோட ஆடிட்டர் ஆபீஸ் பொண்ணுகிட்ட கேட்டுத்தான் இந்தத் தேதிய எழுதினோம். ஆக, நம்ம அட்டவணைக்கு முன்னாடியே சட்டம் மூணு வேலி போட்டு வெச்சிருக்கு.

அப்ப பாக்கியக் குறைக்கணும். கம்பெனிக்குள்ள போய்ப் பாத்தோம். ஆகஸ்ட் 20ல வந்த நூல்ல அஞ்சு மூட்டை பிரிக்காம இருந்தது, மூட்டை 60 கிலோ. அந்த நம்பர் நூலுக்கு இருந்த ஆர்டர் பொங்கலுக்கு அப்பறம்னு தள்ளிப் போயிருச்சு. பிரிக்காத மூட்டை, லாட் நம்பர் ஒட்டினபடி இருந்தா கடைக்காரர் வேற ஆளுக்கு வித்துக்கலாம். பிரிச்சுட்டா யாரும் தொடமாட்டாங்க, ஏன்னா வேற வேற லாட் நூல் கலந்தா சாயம் ஏத்தறப்போ துணில பட்டை விழும். 300 கிலோ, வரியோட 81,900 ரூபாய். அது கழிஞ்சா பாக்கி 3,27,600. புது மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கன்னு அவன் 50,000 ஒதுக்கி வெச்சிருந்தான். மிஷின் அப்பறம் வாங்கிக்கலாம். மீதி 2,77,600. வாரம் 15,000ன்னா பதினெட்டு தவணை, கடைசியா ஒரு 7,600.

எந்தக் கிழமைல கட்டறதுங்கறதும் யோசிக்க வேண்டியதுதான். திருப்பூர்ல சனிக்கிழமை சம்பள நாள். வெள்ளிக்கிழமையே முதலாளிக்கு வயித்தக் கலக்கும். சனிக்கிழமையோ அதுக்கு முன்ன பின்னயோ தவணை வெச்சா, சம்பளமா தவணையான்னு வாராவாரம் சண்டை. காதர்பேட்டை வியாபாரி திங்கக்கிழமை பணம் போடறார். அதனால செவ்வாய்க்கிழமைன்னு வெச்சோம்.

அப்பறம் தீபாவளி, அக்டோபர் 20. போனஸ் கொடுக்கணும், பதினாலு பேருக்கு. ஆளுங்க ஊருக்குப் போனா ஒரு வாரம் பத்து நாள் மிஷின் ஓடாது. அதனால அக்டோபர் 14, 21, 28 மூணு செவ்வாயும் தவணை கிடையாது. பொங்கலுக்கு ஜனவரி 13ம் கிடையாது. இந்த நாலு வாரத்த முதல்லயே எழுதிக் கொடுத்துட்டா அது ஒப்பந்தம். அந்த வாரம் வந்ததுக்கு அப்பறம் சொன்னா அது சாக்கு.

செப்டம்பர் 1, திங்கக்கிழமை காலைல நூல் கடைக்குப் போனோம். கெடுவுக்கு ரெண்டு நாள் முன்னாடி. கெடு தாண்டிப் போனா நாம அவர் தேடிப் பிடிச்ச ஆள். முன்னாடி போனா நாமளாப் போன ஆள். நான் எதுக்குக் கூடப் போனேன்னா, கடைக்காரர் அறுபது தாண்டினவர், என் வயசுக்கு மூத்தவர், எனக்குப் பழக்கம். சின்னப் பையன் தனியாப் போனா அவர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்துருவான்.

தாள்ல எழுதி எடுத்துட்டுப் போனது இதுதான்:

"1-9-2025. உங்கள் மூன்று பில்லுக்கும் சேர்த்து நான் தரவேண்டியது ரூ.4,09,500. பிரிக்காத 5 மூட்டை, 300 கிலோ திருப்பித் தருவதில் ரூ.81,900 கழிய மீதி ரூ.3,27,600. இன்று ரூ.50,000 கட்டுகிறேன். செப்டம்பர் 9 முதல் பிப்ரவரி 3 வரை செவ்வாய்தோறும் ரூ.15,000 வீதம் 18 தவணை. அக்டோபர் 14, 21, 28, ஜனவரி 13 ஆகிய நாலு வாரம் தவணை இல்லை. பிப்ரவரி 10 அன்று ரூ.7,600 கட்டி முடிக்கிறேன். கட்டும் பணத்தை பழைய பில்லில் முதலில் வரவு வைக்கவும். எக்ஸ்போர்ட் கம்பெனி பில் பணம் வந்தால் மூன்று நாளுக்குள் அதில் பாதி உங்களுக்கு. இது முடியும் வரை புது நூல் ரொக்கத்துக்கு மட்டும் வாங்குகிறேன்."

பழைய பில்லுக்கு முதல்லன்னு எழுதினது அந்த 180 நாளுக்காக. இந்தக் கணக்குப்படி முதல் பில் நவம்பர் 4லயே தீந்துரும், ரெண்டாவது ஜனவரி 27ல, மூணாவது பிப்ரவரி 10ல. மூணும் கெடுவுக்குள்ள. எக்ஸ்போர்ட் பணத்த அட்டவணைல சேக்காம தனி வரியா எழுதினதையும் பாருங்க. வந்தா சீக்கிரம் முடியும், வராட்டியும் அட்டவணை நிக்கும்.

அவர் கண்ணாடியப் போட்டுட்டு ரெண்டு தடவ படிச்சார். "ஏனுங் தம்பி, மில்லுல எனக்கு ஆறு மாசம் தர்றாங்களா? நான் எங்க போவேன்?"னார். நியாயமான கேள்விதான். நூல் கடைக்காரருக்கும் மில்லு கெடு இருக்கு. பணம் வந்தாலும் வராட்டியும் ஆகஸ்ட் பில்லோட ஜிஎஸ்டி கணக்க செப்டம்பர் 20க்குள்ள அவர் காட்டணும். மூணு பில்லுலயும் வரி மட்டும் 19,500. மில்லுக்குக் கொடுத்த வரி அதுல கழியும், ஆனா மில்லுக்கும் அவர் கைக்காசுதான் போயிருக்கு. நாங்க சொன்னோம், "அண்ணா, இன்னைக்கு 50,000, அப்பறம் 9ஆம் தேதி, 16ஆம் தேதி. ஆக இருபதாந் தேதிக்குள்ள 80,000 உங்க கையில இருக்கும். வரிக்கு நீங்க வெளிய கை நீட்ட வேண்டாம்." அதுக்கு அப்பறம்தான் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தார்.

"தீபாவளிக்குள்ள பாதி கொடுத்துரு தம்பி, மீதிய நீ சொன்னபடி வெச்சுக்கலாம்"னார் அடுத்து. மாப்ள வாயத் திறந்தான். நான் முந்திக்கிட்டேன். பாதின்னா 1,63,800. அக்டோபர் 7 வரைக்கும் அட்டவணைப்படி கட்டினா சேர்றது 50,000 கூட அஞ்சு தவணை 75,000, ஆக 1,25,000. துண்டு விழறது 38,800. "அந்த 38,800ஐ இவன் போனஸ்லதான் எடுக்கணுங்ணா. போனஸ் கொடுக்கலைன்னா தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர் திரும்பி வரமாட்டான். டெய்லர் வரலைன்னா நவம்பர்ல உங்களுக்கு 15,000 எங்கிருந்து வரும்?"னேன். அவரும் இந்த ஊர்லயே பழம் தின்னு கொட்டை போட்டவர். மறுபேச்சுப் பேசல.

செக் கேட்டார். பத்தொம்பது தவணைக்கும் தேதி போட்ட செக். இதுல கொஞ்சம் எச்சரிக்கையா இருக்கணுங்க. கடனுக்குக் கொடுத்த செக் பணமில்லாமத் திரும்பினா, பேங்க் தகவல் கிடைச்ச முப்பது நாளைக்குள்ள அவர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைச்ச பதினஞ்சு நாளைக்குள்ள நாம பணம் கட்டலைன்னா கிரிமினல் கேஸ். ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலும் உண்டு, செக் தொகையப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதமும் உண்டு. பத்தொம்பது செக்னா அப்படி மாட்டிக்க பத்தொம்பது இடம். தொகை எழுதாத வெறும் கையெழுத்து செக் அதவிட மோசம், அத யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. நாங்க மாசத்துக்கு ஒரு செக்னு பேசி முடிச்சோம். அந்த மாசத் தவணை மொத்தமும் அதுல இருக்கும், தேதி மாசக் கடைசி. வாராவாரம் பேங்க்ல பணம் போட்டு மாசம் முடிஞ்சா பழைய செக்கத் திருப்பி வாங்கிட்டு அடுத்த மாசத்துக்குப் புதுசு. ஒரே நேரத்துல அவர்கிட்ட ஒரு செக்தான்.

இன்னொரு சங்கதி. பாக்கி இவ்வளவுன்னு கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கறதுக்குச் சில பேர் பயப்படறாங்க. அது கடைக்காரருக்குத்தான் பலம், உண்மைதான். பாக்கிக்குக் கேஸ் போட அவருக்கு மூணு வருஷக் கெடு. நாம எழுதிக் கொடுத்தா அந்த மூணு வருஷம் அன்னைல இருந்து புதுசா ஆரம்பிக்கும். ஆனா கட்டறதா இருக்கறவனுக்கு அதுல என்ன நஷ்டம்? தவணை கேக்கறப்போ நம்மகிட்டக் கொடுக்க வேற என்ன இருக்கு? அந்தக் கையெழுத்துதான் நாம அவருக்குக் கொடுக்கற சரக்கு.

வட்டி பேசினார். மாசம் நூத்துக்கு ஒண்ணே கால். மாச ஆரம்பத்துல நிக்கற பாக்கிக்குப் போட்டா செப்டம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் 11,350 வருது. பேசி மொத்தமா 10,000னு முடிவாச்சு, அசல் தீந்ததுக்கு அப்பறம் கட்டறது. வட்டியே கொடுக்கக் கூடாதுன்னு மாப்ளைக்கு நெனப்பு. என் அபிப்பிராயம் வேற. அடுத்தவர் காச அஞ்சு மாசம் வெச்சிருக்கறோம், மில்லுல அவருக்கு யாரும் சும்மா விடல. வட்டி கொடுத்தா நாம கடன்காரன்தான், பிச்சைக்காரன் இல்ல.

2024 மார்ச்ல திருப்பூர்ல எல்லார் வாயிலயும் 43பி-எச்னு ஒரு பேச்சு அடிபட்டது நெனவிருக்கும். சிறு, குறு தொழிலுக்கு 45 நாளைக்குள்ள பணம் கொடுக்கலைன்னா அந்த வருஷ வருமான வரிக் கணக்குல அந்தச் செலவக் கழிக்க முடியாது, கொடுத்த வருஷத்துலதான் கழிக்கலாம்ங்கற சட்டம். எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்தான். தவணை பேசறவங்க இதக் கேட்டுக்கணும். நூல் விக்கறவர் வியாபாரியா, இல்ல நூல் உற்பத்தி பண்ற சின்ன மில்லா? வாங்கி விக்கற வியாபாரிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மாப்ள வாங்கினது வியாபாரிகிட்ட, அதனால தப்பிச்சோம். சின்ன மில்லா இருந்து, தவணை மார்ச் 31 தாண்டிப் போனா, அந்தப் பாக்கிக்கும் சேத்து வரி கட்ட வேண்டி வரும். அத அட்டவணைலயே பாத்துக்கணும்.

அதே சட்டம் மாப்ள பக்கமும் இருக்கு. அவன் உத்யம் பதிவு பண்ணின குறுந்தொழில். எக்ஸ்போர்ட் கம்பெனி அவனுக்கு 45 நாளைக்குள்ள கூலி கொடுத்திருக்கணும். தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டியா. புகார் கொடுக்க வழியும் இருக்கு. கொடுப்பானா? கொடுத்தா அடுத்த ஆர்டர் யார் தருவா? இந்த ஊர்ல அந்தச் சட்டம் பீரோவுக்குள்ள மடிச்சு வெச்ச பட்டுச் சேல மாதிரிதான். நவம்பர் 14ல ரிசர்வ் வங்கி ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு சலுகை அறிவிச்சது. செப்டம்பர் 1ல இருந்து டிசம்பர் 31 வரைக்கும் வர்ற பேங்க் தவணைய, வட்டியத் தள்ளி வெக்கலாம்னு. நல்ல காரியம், குறை சொல்லல. ஆனா அது பேங்க் கடனுக்குத்தான். பெரியவருக்கு மேல இருந்து கெடு நீட்டிக் கிடைச்சப்போ, அவர் தையல்காரனுக்கு வெச்ச பாக்கிக்கும் ஒரு தேதி எழுதிக் கொடுக்கணும்னு சேத்துச் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லல. நூல் கடைப் பாக்கிக்கு ரிசர்வ் வங்கி கிடையாது. அங்க ஒரு தாளும் நம்ம நாக்கும்தான்.

அட்டவணை எப்படிப் போச்சுன்னு கேப்பீங்க. நவம்பர் 18ஆம் தேதி தவறிச்சு. காதர்பேட்டை வியாபாரி திங்கக்கிழமை பணம் போடல. திங்கக்கிழமை சாயங்காலமே மாப்ள கடைக்குப் போன் பண்ணிட்டான். "நாளைக்கு 9,000தானுங்க வரும், மீதி 6,000 அடுத்த செவ்வாய் சேத்து 21,000ஆப் போடறேன்." அப்படியே போட்டான். இந்தப் போன் செவ்வாய் ராத்திரி போயிருந்தா கதை வேற. அன்னைக்கு மதியம் அவர் அந்த 15,000ஐ நம்பி மில்லுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். கொஞ்சமாவது போட்டதும் முக்கியம். ஒண்ணுமே போடாத வாரம் ஒண்ணு வந்தா ரெண்டாவது வாரம் வர்றது சுலபம்.

ரொக்கத்துக்கு நூல் எடுக்கப் போறப்போ இப்ப அவனுக்கு மரியாதை கூடியிருக்கு. டிசம்பர்ல ஒரு தடவ நூல் தட்டுப்பாடா இருந்தப்போ, கடன்ல வாங்கற ஆளுங்களுக்கு முன்னாடி இவனுக்கு ரெண்டு மூட்டை எடுத்து வெச்சிருந்தார்.

எக்ஸ்போர்ட் கம்பெனில டிசம்பர் மாசம் 80,000 கொடுத்தாங்க. தாள்ல எழுதினபடி மூணாம் நாள் 40,000 நூல் கடைக்குப் போச்சு. ஜனவரி 6 வரைக்கும் பதினஞ்சு தவணை கட்டியாச்சு. அட்டவணைப்படி நிக்க வேண்டியது 52,600, அந்த 40,000 போக மீதி 12,600. பொங்கல் வாரம் லீவு. ஜனவரி 20 செவ்வாய்க்கிழமை அத ஒரே தவணையா கட்டிட்டா அசல் முடியுது. அப்பறம் அந்த 10,000 வட்டி.

எக்ஸ்போர்ட் கம்பெனில இன்னும் 1,80,000 நிக்குது. நூல் கடைக்கு எழுதின மாதிரியே, வாரம் எவ்வளவு, எந்தக் கிழமைன்னு கேட்டு மாப்ள அவங்களுக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்து மூணு வாரமாச்சு. இன்னும் பதில் வரல.